வெளிநாட்டுக்குப் போகாத எஸ்.எம்.எஸ்.

கேள்வி: மலேசியாவில் இருக்கும் அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினால் சில நேரம் போவதே இல்லை, சில நேரம் மறுநாள்தான் போகிறது. தவறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிம்மக்கல் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் மேலூரிலிருந்து ஒரு அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜொகூரில் இருக்கும் மகளுக்கு மாலை 7.10-க்கு அனுப்பியது மறுநாள் காலையில்தான் போயிருக்கிறது. "ஒங்க ரீசார்ஜ் சரியில்லப்பா" என்று என் மேல்தான் பழி.

நீங்கள் அனுப்பும் மெசேஜ் நேராக மலேசியாவுக்குப் போவதில்லை. முதலில் உங்கள் சிம் கம்பெனியின் மெசேஜ் சென்டரில் போய் உட்காரும். சென்டர் அந்த நாட்டு நெட்வொர்க்கிடம் 'இந்த நம்பர் இப்போது எங்கே இருக்கிறது?' என்று விசாரித்துவிட்டுத்தான் அங்கே தள்ளும். உங்கள் திரையில் 'Sent' என்று வந்தால் சென்டர் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். அந்தப் பக்கம் போன் அணைந்திருந்தால் சென்டர் மெசேஜை வைத்துக்கொண்டு விட்டுவிட்டு முயற்சி செய்யும். போகப் போக இடைவெளி கூடும். கெடு தாண்டினால் அழித்துவிடும்.

தாமதம் எந்தப் பாதியில் என்பதை வாங்கியவர் போன் காட்டிக்கொடுக்கும். சென்டர் மெசேஜை வாங்கிய நேரமும் அதோடு சேர்ந்தே போகிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் மெசேஜஸ் என்றால், அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து 'View details' பார்க்கச் சொல்லுங்கள். மேலூர் அம்மாவின் மகள் படம் பிடித்து அனுப்பினார்: Sent இரவு 9.41, Received காலை 6.20. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், ஆக 9.41 என்பது நம் 7.11. ஒரே நிமிஷத்தில் சென்டருக்குப் போய்விட்டது! மகளிடம் கேட்டால், இரவு போனை அணைத்துவிட்டுத் தூங்கினாராம். Sent நேரமே காலையாக இருந்திருந்தால், குற்றம் இந்தப் பக்கம், அம்மாவின் சிக்னலிலோ போனிலோ இருந்திருக்கும்.

போகவே இல்லையென்றால் முதலில் பேலன்ஸைப் பாருங்கள். மாதப் பேக்கில் வரும் 'தினம் 100 எஸ்.எம்.எஸ்.' உள்நாட்டுக்குத்தான். வெளிநாட்டுக்கு மெயின் பேலன்ஸில் தனியாகக் காசு இருக்க வேண்டும், பலருக்கு அது சைபர். அடுத்தது நம்பர். அண்ணன் அங்கே 012 என்று சொல்லியிருந்தால் அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு, மலேசியாவின் +60 முன்னால் சேர்த்து +6012 என்று சேமியுங்கள்.

இரண்டும் சரியென்றால், மெசேஜஸ் செட்டிங்கில் 'Get SMS delivery reports' போட்டுவிட்டு, ஆங்கில எழுத்தில் 'test' என்று மட்டும் அனுப்புங்கள். தமிழில் 70 எழுத்துக்குறிகளைத் தாண்டினால் மெசேஜ் துண்டு துண்டாகப் போகும் (புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் கணக்கு). ஒரு துண்டு வராவிட்டால் பல போன்களில் முழு மெசேஜும் தெரியாது. test போய், நீளமான தமிழ் மட்டும் போகவில்லையென்றால் சிக்கல் அங்கேதான், சுருக்கி அனுப்புங்கள். test-உம் போகாவிட்டால் அதே நாட்டில் வேறு கம்பெனி நம்பருக்கு ஒன்று அனுப்புங்கள். அது போனால், இரண்டு மெசேஜையும் அனுப்பிய நேரங்களைக் குறித்துக்கொண்டு உங்கள் சிம் கம்பெனியின் கஸ்டமர் கேரில் சொல்லுங்கள்.

அதுவரை திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காசு போகும், அப்புறம் அண்ணனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் போய்க் கொட்டும்.