ஹலோ சொன்னேன், பதிலே இல்லை: கேள்வி பதில்

அழைப்பு மையங்களில் தானாக எண்களைச் சுழற்றும் டயலர்களைப் பராமரிப்பது என் வேலை. 18 ஆண்டுகளாகச் செய்கிறேன். உங்களுக்கு வந்த மௌனங்களில் சிலவற்றுக்கு நானே காரணமாக இருந்திருக்கலாம். கேளுங்கள்.

கேள்வி: தினமும் ஏதோ ஒரு புதிய எண். எடுத்து ஹலோ என்கிறேன், சத்தமே இல்லை. சில விநாடிகளில் துண்டாகிவிடுகிறது. யாராவது என்னை வேவு பார்க்கிறார்களா?

பதில்: வேவு பார்ப்பவன் இப்படி மணியடித்துக்கொண்டு வர மாட்டான். இது பெரும்பாலும் டயலர். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் டயலர் பத்து எண்களோடு நிற்காது; பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு இருபது எண்களை ஒரே நேரத்தில் அழைக்கும். பன்னிரண்டு பேர் எடுத்துவிட்டால் இரண்டு பேருக்கு ஆள் இல்லை. அந்த இருவரில் ஒருவர் நீங்கள்.

ஆள் இருந்தாலும் முதலில் ஒரு மௌனம் வரும். எடுத்தது மனிதரா, வாய்ஸ்மெயிலா என்று இயந்திரம் காது கொடுத்துக் கேட்கும் நேரம் அது. பலரும் பயன்படுத்தும் அஸ்டெரிஸ்க் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பான அமைப்பில், சிறு பேச்சுக்குப் பிறகு 0.8 விநாடி அமைதி நிலவினால் மனிதர் என்று முடிவு செய்யும். 1.5 விநாடிக்கு மேல் பேச்சு நீண்டால் வாய்ஸ்மெயில் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் ஹலோ அரை விநாடி. பிறகு பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள். அந்தக் காத்திருப்பைத்தான் அது அளக்கிறது. அதன் பின்னர்தான் காலியான ஊழியரைத் தேடும். கிடைத்தால் ஒரு சிறு 'டக்', பின்னால் பலர் பேசும் சலசலப்பு. கிடைக்காவிட்டால் மௌனம் நீண்டு, துண்டிப்பு.

அமெரிக்காவில் விற்பனை அழைப்பு என்றால், நீங்கள் ஹலோ சொல்லி முடித்த 2 விநாடிக்குள் ஆள் பேச வேண்டும் என்பது விதி. ஆள் இல்லாமல் கைவிடப்படும் அழைப்புகள், மனிதர்கள் எடுத்தவற்றில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த 3 சதவீதத்தில் அகப்படுபவருக்கும் அழைத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லும் பதிவு ஒலிக்க வேண்டும். ஆக, வெறும் மௌனம் அங்கே விதிமீறல்.

நான் செய்வது இவ்வளவுதான்: ஒரு ஹலோ, மனத்துக்குள் நான்கு எண்ணிக்கை, இன்னொரு ஹலோ, பிறகு வைத்துவிடுவேன். காதில் மெல்லிய இரைச்சல் இருந்தால் மறுமுனை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். தெரியாத வெளிநாட்டு எண்ணுக்குத் திரும்ப அழைக்காதீர்கள். ஒரே ஒரு மணி அடித்துவிட்டு, நீங்கள் அழைக்கும் நிமிடங்களுக்குப் பெருங்கட்டணம் பறிக்கும் மோசடி பழையது.

கேள்வி: நான் எடுத்ததும் வாயே திறப்பதில்லை. இயந்திரம் ஏமாந்து போய் என் எண்ணை நீக்கிவிடும். இதைவிட நல்ல வழி உண்டா?

பதில்: ஏமாறுகிறது என்ற பாதி சரி. அதே அஸ்டெரிஸ்க்கில் எடுத்தபின் 2.5 விநாடி அமைதியாக இருந்தால், மனிதர் இல்லை என்ற கணக்கில்தான் போகும். ஆனால் எண்ணை நீக்குவது வேறு கதை. 'வாய்ஸ்மெயில்' என்று குறிக்கப்பட்ட எண்களை மாலையில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை திரும்ப அழைக்கச் சொல்லித்தான் என்னிடம் பட்டியல் வரும். உங்கள் மௌனத்துக்குப் பரிசு இன்னும் இரண்டு அழைப்புகள். மருத்துவமனையிலிருந்து அழைக்கும் மனிதரும் நீங்கள் பேசட்டும் என்று காத்திருந்துவிட்டு வைத்துவிடுவார்.

கேள்வி: என் மகன் அழைத்தாலே இப்படித்தான். அவன் பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது அவனுக்குக் கேட்கிறதாம். அவன் எண்ணையும் விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்களா?

பதில்: இல்லை அம்மா, இது வேறு நோய். அழைப்பு நடக்கும்போதே திரையில் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்துங்கள். உடனே அவர் குரல் கேட்டால், ஒன்று காதுப் பக்கத்துத் துளையில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது ஒலி வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. என் வீட்டில் ஒரு வாரம் இதே தொல்லை. பீரோவுக்குள் கிடந்த புளூடூத் இயர்போன் அணையாமல் இருந்தது. வந்த அழைப்பெல்லாம் புடவைகளுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரிலும் கேட்கவில்லை, மற்றவர்கள் குரல் நன்றாகக் கேட்கிறது என்றால் பழுது பெரும்பாலும் மகன் பக்கத்தில். அவர் மற்றவர்களிடம் பேசும்போதும் இப்படியா என்று விசாரியுங்கள்.

ஒன்று கவனியுங்கள். உங்கள் குரல் அவருக்குப் போகிறது. ஆகவே ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிராமல், "நீ பேசுவது கேட்கவில்லை. வைத்துவிடு, நான் அழைக்கிறேன், நீ அழைக்காதே" என்று முழுதாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் இருவரும் ஒரே நேரத்தில் அழைத்து, இருவருக்கும் பிஸி என்று வரும்.

கேள்வி: இணையவழித் தொலைபேசிப் பராமரிப்பில் இருக்கிறேன். மெல்லிய இரைச்சலை வைத்து மறுமுனை உயிரோடு இருக்கிறது என்கிறீர்கள். பேச்சில்லாத நேரத்தில் அந்த இரைச்சலை நம் போனே செயற்கையாக உண்டாக்குமே? அழைப்பை இணைக்கும் தகவலும் குரலும் தனித்தனிப் பாதையில் போவதையும் விட்டுவிட்டீர்கள்.

பதில்: இரைச்சல் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி; என் முதல் பதிலில் அந்த வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். நாற்காலி நகர்வது, யாரோ இருமுவது போன்ற மாறும் ஒலிதான் சாட்சி. பாதை பற்றியும் ஒப்புக்கொள்கிறேன்: மணி அடித்தது, எடுத்தாயிற்று, நேரமும் ஓடுகிறது என்பதால் குரல் வந்தே தீரும் என்றில்லை. அலுவலக இணையத் தொலைபேசியில் குரல் ஒருபக்கம் மட்டும் போனால் ரூட்டரில் `SIP ALG` என்ற அமைப்பை அணைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு அழைப்பும் சரியாக 32 விநாடியில் அறுந்தால், எடுத்ததற்கான கடைசி ஒப்புதல் வழியில் தொலைகிறது என்று அர்த்தம்.

கேள்வி: மௌனமாக இருந்து நம் வாயிலிருந்து 'ஆமாம்' என்ற சொல்லைப் பதிவு செய்து பணத்தை எடுத்துவிடுவார்களாமே?

பதில்: அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2017இல் இது பற்றி எச்சரித்தது உண்மை. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பணம் போன நிகழ்வை நான் நேரில் கண்டதில்லை. இருந்தாலும் "கேட்கிறதா?" என்பவரிடம் "யார் பேசுவது?" என்று திருப்பிக் கேட்பதில் நட்டம் இல்லை.

கேள்வி: அம்மா எண்ணிலிருந்து அழைப்பு. பேச்சில்லை, மூச்சு மட்டும். கைப்பையில் அழுந்தியிருக்கும் என்று வைத்துவிட்டேன். தவறு செய்தேனா?

பதில்: தெரிந்த எண் என்றால் மேலே சொன்ன நான்கு எண்ணிக்கை பொருந்தாது. வைக்காதீர்கள். பையில் அழுந்திய போனில் துணி உரசும் ஒலி நடையின் தாளத்தோடு வரும், தூரத்துப் பேச்சு மங்கலாகக் கேட்கும். மூச்சு மட்டும் என்றால் தாழ்ந்த குரலில், "கேட்கிறதா? கேட்டால் போனை ஒருமுறை தட்டு. உதவி வேண்டுமென்றால் இரண்டு முறை" என்று சொல்லிக் காத்திருங்கள். திடீரென்று பேச வராமல் போவது பக்கவாதத்தின் அறிகுறியும்கூட. பிரிட்டனில் 999 எண்ணில் பேச முடியாதவரை ஆபரேட்டர் இருமச் சொல்வார், தட்டச் சொல்வார். கைபேசியிலிருந்து அழைத்தவர் 55 அழுத்தினால் அழைப்பு போலீசுக்குப் போகும். நீங்கள் இணைப்பைத் துண்டிக்காமல், இன்னொரு போனில் பக்கத்து வீட்டாரை அழையுங்கள். துண்டித்துவிட்டுத் திரும்ப அழைத்தால், ஒளிந்திருப்பவரை அந்த மணியோசை காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: பையில்தான் அழுந்தியது என்கிறார் அம்மா. ஆனால் மூச்சுச் சத்தம் நன்றாகக் கேட்டதே?

பதில்: மைக்கில் துணி மெல்ல உரசினால் மூச்சு போலவே கேட்பதுண்டு. உங்களுக்குக் கேட்டது எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அந்த இரண்டு தட்டுக் கணக்கை அம்மாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்.