வாசல் நிலையில் சாய்ந்திருக்கும் பெட்டியும் மூன்று வேளைப் பிரார்த்தனையும்

கேள்வி: ஜெருசலேமில் 84 வயது யூதப் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் எல்லா அறை வாசல்களிலும் ஒரு சின்னப் பெட்டி சாய்வாக அடித்திருக்கிறது. திருஷ்டிக்கா? அடுத்த வாரம் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார், கழற்றலாமா? பெரியவர் நாளுக்கு மூன்று தடவை பிரார்த்தனை செய்கிறார். நடுவில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாத்திரை, சாப்பாட்டு நேரத்தை இதற்குள் எப்படி அமைப்பது?

பதில்: பெயின்ட் விஷயம் அவசரம், அதிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பெட்டியின் பெயர் மெசூசா. நீங்களாகக் கழற்ற வேண்டாம், பெயின்ட் அடிப்பவரையும் தொட விடாதீர்கள். பெரியவரின் மகனிடமோ மகளிடமோ இன்றே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து எடுத்து வைப்பார்கள், வேலை முடிந்ததும் அவர்களே திரும்ப மாட்டுவார்கள். ஏனென்றால், அதைப் பொருத்துவது யூதர் ஒருவர் செய்ய வேண்டிய கடமை, அதற்கென்று ஓர் ஆசி வாசகமும் உண்டு. நீங்கள் நல்ல மனதோடு ஸ்க்ரூ போட்டு மாட்டினாலும் பிறகு அவர்கள் கழற்றி மறுபடி மாட்டும்படி ஆகலாம். கழற்றாமலே வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னால், பெட்டியைச் சுற்றி பேப்பரும் டேப்பும் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், எப்போதாவது அது கழன்று கீழே விழுந்துவிட்டால் பதற வேண்டாம், எடுத்துச் சுத்தமான உயரமான இடத்தில் வைத்துவிட்டுத் தகவல் சொன்னால் போதும். குப்பையோடு மட்டும் போய்விடக் கூடாது. கெட்டுப்போன சுருளைக்கூட அவர்கள் எறிவதில்லை, மண்ணில் புதைப்பார்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், விலை பெட்டிக்கு இல்லை, உள்ளே இருப்பதற்குத்தான். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கலாம், வெள்ளியாகவும் இருக்கலாம், அது வெறும் உறை. உள்ளே பதப்படுத்திய தோலில், அதற்கென்றே பயிற்சி பெற்ற எழுத்தர் கையால் மையில் எழுதிய ஒரு சுருள் இருக்கும். 22 வரி, 713 எழுத்து. எழுத்துகளை வரிசை மாறாமல் எழுத வேண்டும், பத்தாவது வரியில் இருக்கும்போது மூன்றாவது வரியில் ஓர் எழுத்து விடுபட்டது தெரிந்தால் போய்ச் சேர்க்க முடியாது, அந்தத் தோல் வீண். இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, வெயிலிலும் ஈரத்திலும் மை வெடித்து ஓர் எழுத்து உடைந்துவிட்டாலோ மொத்தச் சுருளும் செல்லாது. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது, அதனால் ஏழு வருடத்துக்கு இரண்டு முறை எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். அச்சடித்த காகிதத்தை உள்ளே வைத்து விற்கிற பெட்டிகளும் சந்தையில் உண்டு, பார்வைக்கு அழகாக இருக்கும், யூத மதச் சட்டப்படி அது மெசூசாவே இல்லை.

என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. தமிழ் பைபிள் கையில் இருந்தால் உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் 4 முதல் 9 வரை, பதினோராம் அதிகாரத்தில் 13 முதல் 21 வரை படியுங்கள். அவ்வளவுதான் மொத்தச் சுருளும். முதல் பகுதி கடவுள் ஒருவரே என்று தொடங்கி, அவரை முழு மனதோடு நேசி, இந்த வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் இவற்றைப் பேசு என்று போய், கடைசியில் வீட்டு நிலைகளில் எழுது என்று முடிகிறது. அந்தக் கடைசி வரியை அப்படியே செய்து காட்டுவதுதான் உங்கள் கண்ணில் பட்ட பெட்டி. இரண்டாம் பகுதி மழையைப் பற்றியது. கட்டளைப்படி நடந்தால் முன்மாரியும் பின்மாரியும் தவறாது, தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கிடைக்கும், வழி மாறினால் வானம் அடைபடும்.

திருஷ்டிக்கா என்று கேட்டீர்கள். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் பொய்யாகிவிடும். வீட்டைக் காக்கும் என்ற நம்பிக்கை யூதர்களிடமே பழங்காலம் தொட்டு உண்டு, சுருளின் பின்பக்கம் எழுதும் கடவுளின் பெயரைக் காவலோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் 12ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் மைமோனிடஸ் இதில் கறாராக இருந்தார். சிலர் சுருளுக்குள் தேவதூதர் பெயர்களையும் சேர்த்து எழுதியதைக் கண்டித்து, கடவுளின் ஒருமையைச் சொல்லும் ஒரு பெரிய கட்டளையைத் தங்கள் லாபத்துக்கான தாயத்தாக்கிவிட்டார்கள் என்றார். அவருக்கு மெசூசா என்பது போகும்போதும் வரும்போதும் மனிதனை உலுக்கி நினைவூட்டுகிற ஒன்று. என்னைக் கேட்டால் உள்ளே எழுதியிருப்பதைப் படித்தவருக்கு மைமோனிடஸ் பக்கம்தான் நியாயம் தெரியும், பேயைப் பற்றியோ கண்ணேறைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

சாய்வைப் பற்றியும் ஒன்று. நேராக நிறுத்த வேண்டும் என்றார் ராஷி என்ற பிரெஞ்சு நாட்டு அறிஞர், படுக்கையாக வைக்க வேண்டும் என்றார் அவருடைய பேரனே. ஐரோப்பிய மரபு யூதர்கள் இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்காமல் சாய்த்து அடித்துவிட்டார்கள். ஸ்பெயின், கிழக்கு நாட்டு மரபுக் குடும்பங்களில் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும். உள்ளே நுழைகிறவருக்கு வலது பக்கம், நிலையின் மேல் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் இடத்தில் வைப்பார்கள். 210 செ.மீ. உயர நிலை என்றால் தரையிலிருந்து 140 செ.மீ. அளவில் வரும். பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போகும்போது அவர் கை அதை நோக்கி எழும்பினால் ஒரு நொடி நிறுத்துங்கள், தொட்டு விரலை முத்தமிடுவார். அது வழக்கம்தான், கட்டாயம் இல்லை, எட்டாவிட்டால் பாதகமும் இல்லை. குளியலறை, கழிப்பறை வாசலில் மெசூசா இருக்காது. அங்கே விழுந்துவிட்டதோ என்று தேடாதீர்கள்.

சரி, பிரார்த்தனைக்கு வருவோம். மேலே சொன்ன அதே இரண்டு பகுதிகளைத்தான், இன்னொரு பகுதியும் சேர்த்து, ‘ஷெமா’ என்ற பெயரில் பெரியவர் காலையிலும் இரவிலும் சொல்கிறார். படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பேசு என்று எழுதியிருக்கிறதே, அதனால் அந்த இரண்டு வேளை. வாசலில் எழுத்தாக நிற்பதை வாயால் சொல்கிறார், அவ்வளவே. முதல் வரிக்கு வலது கையால் கண்ணை மூடிக்கொள்வார். காலையில் தலையிலும் கையிலும் தோல் வாரால் கட்டுகிற கறுப்புப் பெட்டிகளுக்குள்ளும் மெசூசாவில் இருக்கும் அந்த இரண்டு பகுதிகள் உண்டு.

மூன்று வேளை என்பது வேறொரு கணக்கு. காலை ஷஹரித், பிற்பகல் மின்ஹா, இரவு மாரிவ். கி.பி. 70இல் ரோமானியர் ஜெருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு பலி செலுத்த இடம் இல்லை. காலைப் பலிக்கும் பிற்பகல் பலிக்கும் ஈடாக இரண்டு வேளை, மிச்சப் பலி இரவெல்லாம் பீடத்தில் எரிந்துகொண்டிருந்ததற்கு ஈடாக மூன்றாவது வேளை என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தால்மூத் ஒரு விளக்கம் சொல்கிறது. ஆபிரகாம் காலையையும் ஈசாக்கு பிற்பகலையும் யாக்கோபு இரவையும் ஏற்படுத்தினார்கள் என்று இன்னொரு விளக்கமும் அங்கேயே இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பொதுவானது ‘அமிதா’. ஜெருசலேமையே நோக்கி, உங்கள் ஊரில் என்றால் ஆலயம் இருந்த இடத்தை நோக்கி, கால்களைச் சேர்த்து நின்று கிசுகிசுப்பாகச் சொல்வது. வார நாளில் அதில் 19 ஆசி வாசகங்கள். அறிவு, மன்னிப்பு, நோய் தீர்தல், மழை, விளைச்சல் என்று எல்லாம் ‘எங்களுக்கு’ என்றுதான் கேட்கப்படும். நோயாளியின் பெயரை இடையில் சேர்க்கலாம். மூன்றில் மின்ஹாதான் சின்னது, அதில் ஷெமா கிடையாது, ஆனால் வேலை நடுவே எல்லாவற்றையும் போட்டுவிட்டு நிற்க வேண்டியிருப்பதால் அதுதான் கடினமானது என்பது என் எண்ணம்.

நீங்கள் கூப்பிட்டுப் பதில் வராத நேரம் பெரும்பாலும் இந்த அமிதாதான். தொடக்கத்தில் மூன்று அடி முன்னால் வருவார், முடிந்ததும் மூன்று அடி பின்னால் போய் இடம், வலம், நடு என்று குனிவார். அந்தக் குனிவு வரைக்கும் பேச மாட்டார், அவருக்கு நேர் முன்னால் குறுக்கே நடக்காமல் இருப்பதும் மரியாதை. சில நிமிட வேலைதான். நிற்கத் தள்ளாடினால் உட்கார்ந்தே சொல்லலாம், முடியாவிட்டால் படுத்தபடியும் சொல்லலாம், சட்டமே இடம் தருகிறது. விழப் போகிறார், மூச்சுத் திணறுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், போய்ப் பிடியுங்கள், உயிர்தான் முதலில்.

மாத்திரைக்கு வருவோம். காலைப் பிரார்த்தனைக்கு முன் சாப்பிடுவதில்லை என்பது பொது விதி. தண்ணீருக்கும் மருந்துக்கும் அந்தத் தடை இல்லை, மருந்துக்காகச் சாப்பிட வேண்டியவர் சாப்பிடலாம். சர்க்கரை நோயாளியாக இருந்து அவர் பிடிவாதம் பிடித்தால் நீங்கள் வாதாடாதீர்கள், மகனிடம் சொல்லி அவர்கள் மதகுருவான ரபியைக் கேட்கச் சொல்லுங்கள், ரபி சொன்னால் கேட்பார்.

நேரம் கடிகாரப்படி ஓடாது. பகலைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு மணியாக வைத்துக்கொள்வார்கள். சூரியன் 6க்கு உதித்து 6க்கு மறைகிற நாளில் ஷெமாவைக் காலை 9க்குள் சொல்ல வேண்டும், ஷஹரித் 10க்குள், மின்ஹா 12.30 முதல் சூரியன் மறையும்வரை, இருட்டியதும் மாரிவ். ஜூனில் பொழுது சாய மாலை ஏழே முக்கால் ஆகிவிடும், டிசம்பரில் நாலே முக்காலுக்கு முன்பே சாய்ந்துவிடும், ஆகவே குளிர்காலத்தில் பிற்பகல் தூக்கம் நீண்டால் மின்ஹா தவறிப்போகும், அதில்தான் வீட்டில் சண்டை வரும். மூன்று மணிக்கு எழுப்பிவிடுங்கள். ஜெபஆலயத்துக்கு அழைத்துப் போவதென்றால் சூரியன் மறைவதற்குச் சற்று முன் போங்கள், பல இடங்களில் மின்ஹாவையும் மாரிவையும் அடுத்தடுத்து முடித்துவிடுவார்கள், ஒரே நடையில் வேலை ஆகும். சரியான நேரத்துக்கு ஜெபஆலய வாசலில் ஒட்டியிருக்கும் வாராந்தர அட்டவணையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கணக்கு மாறும். காலையோடு இன்னொரு பிரார்த்தனை சேரும், கறுப்புப் பெட்டிகள் கட்ட மாட்டார், அமிதாவில் வேண்டுதல்கள் குறைந்து ஏழு வாசகம்தான் இருக்கும். மதியச் சாப்பாடு தள்ளிப்போகும், மதிய மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டுமானால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு அந்த ஒரு நாளுக்குத் தனி நேரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.