ரொக்கோக்கோவைக் கவிழ்த்தது ஒழுக்கமா, ரசனையா? – கேள்வி பதில்

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சிதானே ரொக்கோக்கோவை ஒழித்தது?

புரட்சி 1789-இல் வந்தது. வளைவுகளும் சிப்பி வேலைப்பாடும் நிறைந்த அலங்காரப் பாணியான ரொக்கோக்கோ, பாரிஸில் அதற்கு முன்பே பழசாகிவிட்டது. 1754-இலேயே கொஷான் என்ற செதுக்கோவியர், ஓர் இதழில் பொற்கொல்லர்களுக்குக் கேலியாக ஒரு விண்ணப்பம் எழுதினார். பாத்திர மூடியில் இயல்பான அளவில் ஒரு செலரித்தண்டை வடித்துவிட்டு, அதன் அருகில் விரலளவு முயலை வைக்காதீர்கள் என்பது அதில் ஒரு வேண்டுகோள். இவர் அரசவைக்கு எதிரி அல்லர். மன்னரின் காதலி பொம்பதூர் சீமாட்டியின் தம்பியுடன் இத்தாலிக்குச் சென்று, பழைய ரோமானியக் கலையைப் பார்த்துத் திரும்பியவர்.

கேள்வி: ரொக்கோக்கோ ஓவியர் பூஷேவுக்கு வரையத் தெரியாது என்பதால்தான் எழுத்தாளர் திதரோ அவரைத் திட்டினாரா?

இல்லை. பூஷேயிடம் உண்மையைத் தவிர எல்லாம் இருக்கிறது என்றே 1761-இல் எழுதினார். பூஷே மன்னரின் முதன்மை ஓவியரான 1765-இல்தான், அவருடைய நிறமும் கோடும் கெட்டதற்கு ஒழுக்கம் கெட்டதே காரணம் என்று கடுமையாகத் தாக்கினார். ஆனால் இந்த விமரிசனங்கள், பெரும்பாலும் அயல்நாட்டு அரசவைகளைச் சேர்ந்த சில சந்தாதாரர்களுக்குக் கையால் படியெடுத்து அனுப்பப்பட்டவை. திதரோவின் வாழ்நாளில் அவை அச்சேறவில்லை. ஆகவே, திதரோவின் கண்டனம் பாரிஸ் மக்களின் ரசனையை மாற்றியது என்று சொல்வது மிகை.

கேள்வி: லண்டன் வாலஸ் சேகரிப்பில் ரொக்கோக்கோ ஓவியர் ஃபிரகொனாரின் ‘ஊஞ்சல்’ பார்த்தேன். ஒரு பெண் ஊஞ்சலாடுவதில் என்ன ஒழுக்கக்கேடு?

இடப்பக்கப் புதரைக் கவனித்தீர்களா? அங்கே மல்லாந்து கிடக்கும் இளைஞன் அவளுடைய பாவாடைக்குள் பார்க்கிறான். அவள் காலணி பறக்கிறது. மன்மதன் சிலை உதட்டில் விரல் வைத்திருக்கிறது. அக்காலக் குறிப்பு ஒன்றின்படி, ஊஞ்சலை ஒரு பிஷப் ஆட்டுவதுபோல் வரையச் சொல்லி ஒரு பிரபு முதலில் துவாயென் என்ற ஓவியரை அணுகினார்; அவர் மறுத்ததால் வாய்ப்பு ஃபிரகொனாருக்குப் போனது. ஓவியத்தில் இருப்பவர் பிஷப் அல்லர், நிழலில் அமர்ந்திருக்கும் வயதான ஓர் ஆள்.

கேள்வி: நான் வாங்கிய பொன்முலாம் சோபாவை ரொக்கோக்கோ என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா?

புகைப்படம் இல்லாமல் சொல்ல முடியாது. செதுக்கிய சிப்பி அலங்காரத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல் இல்லாமல் இருந்தால், அந்தப் பாணியைப் பின்பற்றியது எனலாம்.

கேள்வி: ஒழுக்கக் கண்டனம் பயனற்றது என்கிறீர்களா? அப்படியானால் அரசவை ஏன் ரொக்கோக்கோவைக் கைவிட்டது?

பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாரிஸுக்கு அருகிலுள்ள லூவெசியென் என்ற ஊரில் நடந்தது வேறு கதை சொல்கிறது. பதினைந்தாம் லூயியின் பிற்காலக் காதலி து பாரி சீமாட்டி, அங்கே புதிதாகக் கட்டிய மண்டபத்துக்காக ஃபிரகொனாரிடம் நான்கு பெரிய காதல் ஓவியங்களை வரையச் சொன்னார். 1773-வாக்கில் அவற்றைத் திருப்பியனுப்பிவிட்டு, வியேன் என்ற ஓவியர் வரைந்தவற்றை மாட்டினார். காரணம் இன்றும் சர்ச்சைக்குரியது. கட்டடக் கலைஞர் லெதூ கட்டிய அந்தச் செவ்வியல் மண்டபத்துக்கு அவை பொருந்தவில்லை என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையது. ஏனெனில் வியேன் வரைந்ததும் காதலைத்தான். அவருடைய பெண்கள் கிரேக்க உடை அணிந்திருந்தார்கள், அவ்வளவே.