லைஃப் ஜாக்கெட் அளவு பார்ப்பது எப்படி?

"லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது எடையைப் பார்க்கணுமா, மார்பளவையா? சரியா பிடிக்குதான்னு எப்படித் தெரியும்?"

பெரியவர்களுக்கு மார்பளவு, குழந்தைகளுக்கு எடை. அக்குளுக்குக் கீழே, மார்பின் அகன்ற இடத்தில் டேப் சுற்றி அளந்து, உள்பக்க லேபிளோடு ஒப்பிடுங்கள். 20 கிலோ குழந்தைக்கு, லேபிளில் 14–23 கிலோ என்றிருப்பது சரி.

தண்ணீர் ஜாக்கெட்டைத்தான் மேலே தள்ளும். அது இறுக்கமாகப் பிடித்திருந்தால்தான் ஆளும் சேர்ந்து மேலே வருவார். காலிக் குடத்தைத் தண்ணீருக்குள் அழுத்தி, பிடியைத் தளர்த்தினால் குடம் மட்டும் துள்ளி வெளியே வருமே, அதேதான்.

ஜிப், பக்கிள் எல்லாம் போட்டு, பட்டைகளைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். கைகளைத் தூக்கி நில்லுங்கள். இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கட்டும். தாடையைத் தாண்டி ஏறினால் சின்ன அளவு வேண்டும். சிறு குழந்தைக்குக் கால்களுக்கிடையே போகும் பட்டையும் அவசியம்.

குண்டானவருக்கு அதிக மிதப்பு வேண்டும் என்பது தவறு: கொழுப்பு தானே மிதக்கும், ஒல்லியான, தசைப்பிடிப்பான ஆளே சீக்கிரம் அமிழ்வார்.