கைக்காசு போட்டவர் சங்கத்தில் கணக்குக் கொடுப்பது எப்படி?

கேள்வி (திருவையாறு): ஐயா, எங்க சங்கத்தோட கண் சிகிச்சை முகாமுக்கு என் கைக்காசு போட்டுச் செலவு பண்ணேன். பில்லெல்லாம் ஒரு கவர்ல இருக்கு. அப்படியே பொருளாளர்கிட்ட கொடுத்தா போதாதா?

பதில்: போதாது தம்பி. ஒரே தாளில் தேதி, செலவு, யாருக்குக் கொடுத்தது, தொகை, ரசீது எண் என்று வரிசையாக எழுதுங்கள். அதே எண்ணை ரசீதின் மூலையிலும் போடுங்கள். உதாரணமாக, சாமியானா நாற்காலி வாடகை 2,800, பேனர் 1,200, டீ பலகாரம் 900, வாழை இலை 640, லோடு ஆட்டோ 500, தண்ணீர் கேன் 420. மொத்தம் 6,460 ரூபாய். சங்கம் முன்பணமாக 1,000 கொடுத்திருந்தால் அதைக் கழித்து, வர வேண்டியது 5,460 என்று முடியுங்கள். பலர் இந்தக் கழித்தலை விட்டுவிடுகிறார்கள். முன்பணம் பொருளாளர் நோட்டில் ஏற்கனவே ஏறியிருக்கும். நீங்கள் முழுத்தொகையையும் கேட்டால் 1,000 ரூபாய் இரண்டு முறை போய்விடும். நாற்காலிக் கடையில் கட்டித் திரும்ப வாங்கிய டெபாசிட்டையும் செலவில் சேர்க்காதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): மார்க்கெட்ல இலை விக்கிற அம்மாவும் ஆட்டோக்காரரும் பில் தர மாட்டாங்களே சார்?

பதில்: ஆட்டோவுக்கு வவுச்சர் எழுதுங்கள். எங்கிருந்து எங்கே, என்ன ஏற்றினார், எவ்வளவு, வண்டி எண், அவர் கையெழுத்து. இதை அன்றைக்கே வாங்கிவிட வேண்டும், அப்புறம் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது. இலைக்கார அம்மா கையெழுத்துப் போடத் தயங்கினால், நீங்களே வவுச்சர் எழுதி, கூட வந்த தொண்டரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தெரிந்த கடையில் வெற்று பில் வாங்கி நிரப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். நேர்மையாகச் செலவழித்தவர்கூட அதனால் சந்தேகத்துக்கு ஆளாவார். பில் இல்லாமல் எவ்வளவு வரை ஏற்கலாம் என்பதைச் செயற்குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி (பாபநாசம்): பேனர் கடைக்கு ஜிபே பண்ணிட்டேன். ஸ்க்ரீன்ஷாட்டே ஆதாரம்தானே, பில் எதுக்கு?

பதில்: பாதி சரி. பணம் யாருக்குப் போனது என்பது அதில் தெரியும், எதற்குப் போனது என்பது தெரியாது. சங்கத்தின் பெயரில் பில் வாங்கி இரண்டையும் சேர்த்து வையுங்கள். மெஷினில் அடிக்கும் வழவழப்பான பில்லாக இருந்தால் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், நாளானால் எழுத்து மங்கிவிடும்.

கேள்வி (மன்னார்குடி): நான் வேற சங்கம். நன்கொடை வசூலுக்கு நீடாமங்கலம் வரைக்கும் பைக்ல அலைஞ்சேன். பெட்ரோல் பில் வச்சா போதும்ல அண்ணே?

பதில்: டேங்க்கை நிரப்பியதற்குத்தான் அந்தப் பில் சாட்சி. சங்க வேலைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள். கிலோமீட்டருக்கு என்ன கொடுப்பது என்று உங்கள் சங்கத்தில் தீர்மானம் இருக்கிறதா? இல்லையென்றால் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி (திருவையாறு): பணத்தை ரொக்கமா தர்றாங்களாம். ஸ்டாம்ப் ஒட்டணுமா ஐயா?

பதில்: 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒட்ட வேண்டும். 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் படும்படி கையெழுத்துப் போடுங்கள். பணத்தை எண்ணி வாங்கிய பிறகு போடுங்கள்.