கிரீன் டீயை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள்

"டாக்டர், எனக்கு வயது 38, ஊர் காரைக்குடி. ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை போட்டும் 9.4-தான் காட்டுகிறது. எடை குறைய வேண்டும் என்று மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் எலுமிச்சை பிழிந்து கிரீன் டீ குடிக்கிறேன். காலை டிபன் முடிந்ததும் அந்த டீயோடுதான் மாத்திரையும். கிரீன் டீ ரத்தத்தைக் குறைக்கும் என்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?"

நிறுத்த வேண்டியதில்லை. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ரத்தத்தை கிரீன் டீ குறைப்பதில்லை, புதிதாக உள்ளே போக வேண்டிய இரும்பைத்தான் தடுக்கிறது. அதுவும் டீயும் இரும்பும் ஒரே நேரத்தில் வயிற்றில் இருந்தால் மட்டும். நீங்கள் மூன்று வேளையும் அப்படித்தான் இரண்டையும் சேர்த்து வைக்கிறீர்கள்.

டீயில் நாக்குக்குத் துவர்ப்பாகத் தெரிகிற பாலிபீனால் என்ற பொருள், கீரை, பருப்பு, கேழ்வரகு, அரிசி ஆகியவற்றிலிருந்து வரும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட இரும்பைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியால் உறிஞ்ச முடியாது, மலத்தோடு போய்விடும். அந்த வேளை இரும்பில் பாதிக்கு மேல்கூட இப்படி வீணாகலாம். இதில் காபியும் சாதாரண டீயும் யோக்கியம் இல்லை. காலை இட்லியோடு ஃபில்டர் காபி குடிக்கும் வீட்டிலும் இதே கதைதான்.

இடைவெளி எவ்வளவு வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தால் பெரிய பாதகம் இல்லை, டீ வயிற்றைக் கடந்து போயிருக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் போதாது. சோறும் குழம்பும் அப்போதும் வயிற்றில்தான் கிடக்கும். மேலே டீயை ஊற்றினால் இரண்டும் கலந்துதான் குடலுக்கு இறங்கும். அதனால் முன்னால் ஒரு மணி, பின்னால் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சையை வீணாக்குகிறீர்கள். வைட்டமின் சி இரும்பு உறிஞ்ச உதவும் என்பது உண்மை. ஆனால் டீயில் பிழியும் சில சொட்டுகள் டீயின் துவர்ப்போடு மல்லுக்கட்டவே போதாது. சூட்டில் அந்தச் சத்தும் கொஞ்சம் போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கிய கீரை மசியலில் பிழியுங்கள். இல்லையென்றால் மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் கடியுங்கள்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன், உங்கள் ரத்தம் ஏறாததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரும்புக் குறைவு உள்ள பெண்களுக்கு மாத்திரையைக் காபியோடு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், உறிஞ்சல் பாதியாகக் குறைந்தது. டீயின் துவர்ப்பும் அதே வேலையைச் செய்யும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, மருந்து நல்ல மருந்து. அதை எப்போது விழுங்குவது என்று ஒரு வாய் சொல்ல ஆளில்லை. முகாம் போட்டு விரலில் குத்தி, அட்டையில் எண் எழுதி, ஒரு பட்டையைக் கையில் திணித்து அனுப்புகிறார்கள். மூன்று மாதம் கழித்து எண் ஏறவில்லை என்றால் "நீங்கள் ஒழுங்காகப் போடவில்லை" என்று திட்டு வேறு. அந்த மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது "எதோடு போடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

உங்கள் நாளை இப்படி மாற்றிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து பல் துலக்கியதும் வெறும் வயிற்றில் மாத்திரை, கூட ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைச் சாறு. இரும்பை உடம்பு நன்றாக ஏற்கும் வேளை காலைதான். எட்டு மணிக்கு டிபன். பத்தரைக்கு முதல் கிரீன் டீ. ஒன்றரைக்குச் சாப்பாடு, நான்கு மணிக்கு இரண்டாவது டீ. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெந்நீர் போதும், மூன்றாவது டீயை விட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் மாத்திரையை இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். கால்சியம் மாத்திரையோ பாலோ அதோடு சேரக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது மாத்திரையின் நிறம்.

"நாங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள், எங்களுக்குமா?" என்று இந்தப் பக்கத்து ஆச்சிமார் கட்டாயம் கேட்பார்கள். ஆட்டு ஈரல், சுவரொட்டி, கறி இவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி வேறு வடிவம். அதை டீ அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் இந்தச் சலுகையை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. ஒன்று, கறியிலும் எல்லா இரும்பும் அந்த வடிவம் இல்லை. இரண்டு, அதே இலையில் இருக்கும் சோறு, பருப்பு, கீரையின் இரும்பு டீயிடம் மாட்டத்தான் செய்யும். மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல் சாப்பிட்டதற்காகத் திங்கள் முதல் சனி வரை சாம்பார் சாதத்துக்கு மேல் கிரீன் டீ ஊற்றினால் கணக்கு நேராகாது. கோழிக் கறியில் ஈரல் அளவுக்கு இரும்பும் கிடையாது. மாத்திரை இரும்புக்கு இந்தச் சலுகை அறவே இல்லை. அசைவ நாளிலும் இடைவெளி இடைவெளிதான்.

சாப்பிட்டவுடன் குடிக்கச் சொன்னது யார் என்று நீங்கள் எழுதவில்லை, ஊகிக்க முடிகிறது. வீடு வீடாக எடை குறைப்புப் பொட்டலம் விற்பவர்கள் "சாப்பிட்ட கையோடு குடித்தால் கொழுப்பு கரையும்" என்று சொல்லித்தான் ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் ஓட்டுகிறார்கள். அப்படி எந்தக் கொழுப்பும் கரைவதில்லை. பிறகு முகம் வெளுத்துச் சோர்ந்து உட்கார்ந்தால் அதே பையிலிருந்து 'ரத்தம் ஊறும் டானிக்' வரும். வாங்கும் முன் பாட்டிலைத் திருப்பி, ஒரு வேளைக்கு இரும்பு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். எண்ணே இல்லையென்றால் அது வெறும் இனிப்புத் தண்ணீர். கிரீன் டீயைச் சாறெடுத்து மாத்திரையாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அதிக அளவில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

நேரத்தை மாற்றி நான்கு வாரம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஏறக்குறைய ஒரு கிராம் ஏறி 10.4 பக்கம் வந்திருக்க வேண்டும். வந்தால் 12 தொட்டதும் நிறுத்திவிடாமல், அதற்குப் பிறகும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும், கல்லீரலில் சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் பிடிக்கும். ஏறவில்லை என்றால் பழியை டீ மேல் போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மாதவிடாயில் ஒரு வாரத்துக்கு மேல் போகிறதா, கட்டியாகப் போகிறதா, மூலத்தில் ரத்தம் வருகிறதா என்பதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும், பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் சாயல் உண்டா என்ற பரிசோதனையும் அப்போது கேட்டு வாங்க வேண்டியவை. தலசீமியா சாயல் மட்டும் இருந்து இரும்பு குறையாமல் இருந்தால், எத்தனை மாத்திரை போட்டாலும் அந்த எண் நகராது.