WORKDAY ஏன் ஒரு நாள் தள்ளிப் போகிறது?

கேள்வி: Excel-இல் போட்ட திட்ட அட்டவணையில் தொடங்கும் தேதி ஒரு நெடுவரிசையிலும் எத்தனை வேலை நாள் என்பது அடுத்ததிலும் இருக்கின்றன. சனி, ஞாயிறும் விடுமுறைகளும் போக, வேலை முடியும் தேதி வருவதற்கு WORKDAY சூத்திரம் போட்டிருக்கிறேன். முதல் வேலையைக் கையால் எண்ணினால் 18-ஆம் தேதி வருகிறது, அட்டவணை 19 என்கிறது. மொத்தம் எட்டு வேலைகள். கடைசித் தேதி ஒன்றரை வாரத்துக்கு மேல் தள்ளி நிற்கிறது. எது சரி?

பதில்: உங்கள் கை எண்ணிக்கைதான் சரி. WORKDAY தன் கணக்கில் தப்பு செய்யவில்லை, ஆனால் அது விடை சொல்வது வேறொரு கேள்விக்கு. "இந்தத் தேதிக்குப் பிறகு பத்தாவது வேலை நாள் எது?" என்பதைத்தான் அது கண்டுபிடிக்கிறது. தொடங்கும் நாளை அது எண்ணுவதே இல்லை. திட்டத்தில் நாம் "பத்து நாள் வேலை" என்றால் தொடங்கும் நாளே முதல் நாள்.

ஒரு மாதிரியை விரல்விட்டு எண்ணிப் பார்ப்போம். வேலை 2026 மார்ச் 4, புதன்கிழமை தொடங்குகிறது. 10 வேலை நாள். மார்ச் 10 செவ்வாயும் மார்ச் 14 சனியும் விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4, 5, 6 மூன்று நாள். 7, 8 சனி ஞாயிறு. 9 நான்காவது நாள். 10 விடுமுறை. 11, 12, 13 சேர்ந்தால் ஏழு. 14, 15 மறுபடி வார இறுதி. 16, 17, 18 சேர்ந்தால் பத்து. ஆக 18-ஆம் தேதி மாலை வேலை முடிகிறது. WORKDAY-யிடம் 4-ஆம் தேதியைக் கொடுத்தால் 5-இலிருந்து எண்ணி 19-இல் நிற்கும்.

தொடக்கத் தேதியில் ஒன்றைக் கழித்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். B தொடக்கம், C நாட்கள், D முடிவு, விடுமுறைகள் H நெடுவரிசையில் என்றால்:

```
D2:  =WORKDAY(B2-1, C2, $H$2:$H$20)
B3:  =WORKDAY(D2, 1, $H$2:$H$20)
```

B2 திங்களாக இருந்தால் B2-1 ஞாயிறு ஆகிவிடுமே என்று தயங்க வேண்டாம். கொடுத்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்குகிறது, அதனால் கொடுத்த நாள் எந்தக் கிழமையானாலும் கவலையில்லை. தொடக்கத் தேதியே தவறுதலாகச் சனிக்கிழமையில் விழுந்திருந்தாலும் திங்களையே முதல் நாளாக எடுத்துக்கொள்ளும்.

ஒன்றரை வாரம் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது புரியும். இரண்டாவது சூத்திரத்தில் கழித்தல் இல்லை, இருக்கவும் கூடாது. முந்தைய வேலை முடிந்ததற்கு அடுத்த வேலை நாள்தானே அங்கே வேண்டும். முடிவுத் தேதியில் மட்டும் -1 விடுபட்டிருந்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு நாள் கூடி, எட்டு வேலைக்கு எட்டு வேலை நாள் நீள்கிறது. கடைசித் தேதியிலிருந்து எட்டு நாளைக் கழித்துச் சமாளிப்பவர்களும் உண்டு. நடுவில் ஒரு வேலையைச் சேர்த்த அன்றே அது மாட்டிக்கொள்ளும்.

போட்டதைச் சரிபார்க்க NETWORKDAYS இருக்கிறது. இது இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணும்:

```
E2:  =NETWORKDAYS(B2, D2, $H$2:$H$20)
```

E-யும் C-யும் எல்லா வரியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் மாதிரியில் 10 வரும். 11 வந்தால் -1 விட்டுப்போயிருக்கிறது. C-யில் 2.5 என்று அரை நாள் போட்டிருந்தாலும் ஒத்துவராது, ஏனென்றால் WORKDAY பின்னத்தை வெட்டிவிட்டு 2 என்றே எடுத்துக்கொள்ளும்.

மார்ச் 14-ஐ வேண்டுமென்றேதான் சனிக்கிழமையில் வைத்தேன். 4 முதல் 18 வரை நாட்காட்டியில் 15 நாள். வார இறுதி 4, விடுமுறை 2 என்று கழித்தால் 9 வரும், அது தவறு. 14-ஆம் தேதி இரண்டு முறை கழிந்துவிட்டது. இந்தச் சூத்திரங்கள் அந்தத் தவறைச் செய்வதில்லை. விடுமுறைப் பட்டியலில் சனி, ஞாயிறு வந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

பட்டியலில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாதத்தை முதலில் வைக்கும் அமைப்புள்ள கணினியில் 10/03/2026 என்று தட்டினால் அது அக்டோபர் 3 ஆகிவிடும். அன்று சனிக்கிழமை. பிழைச் செய்தி எதுவும் வராது, விடுமுறை மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போய், முடிவு ஒரு நாள் முன்னால் வரும். 14/03/2026 என்பதற்கோ 14-ஆவது மாதம் கிடையாது, அதனால் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாகவே தங்கிவிடும். பக்கத்து நெடுவரிசைகளில் இவற்றைப் போட்டு ஒரு தடவை கண்ணோட்டம் விடுங்கள்:

```
=ISNUMBER(H2)
=TEXT(H2, "ddd mmm")
```

முதலாவது FALSE காட்டினால் அது எழுத்து. இரண்டாவதில் கிழமையும் மாதமும் நீங்கள் நினைத்தபடி இருக்க வேண்டும். சூத்திரத்தில் $ குறிகளையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் கீழே இழுத்தால் பட்டியலும் கூடவே நழுவி, ஒவ்வொரு வரிக்கும் மேலிருந்து ஒரு விடுமுறை கழன்றுபோகும்.

ஞாயிறு மட்டும் விடுமுறை, சில சனிக்கிழமைகளில் வேலை உண்டு என்றால் WORKDAY போதாது. WORKDAY.INTL எடுங்கள். அதில் வார இறுதியை ஏழு இலக்கமாகச் சொல்லலாம். திங்களில் தொடங்கும், 1 என்றால் வேலையில்லை:

```
=WORKDAY.INTL(B2-1, C2, "0000001", $H$2:$H$20)
```

வேலையில்லாத சனிக்கிழமைகளை விடுமுறைப் பட்டியலில் எழுதிவிடுங்கள். விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை வைத்தால் அந்தத் தேதியைப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். சரிபார்க்கும் நெடுவரிசையிலும் NETWORKDAYS.INTL-ஐ அதே இலக்கங்களோடு போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு வாரத்தைப் பேசும்.

தாமதத்தை அளக்கும்போதும் முனைகள் காலை வாரும். 18-இல் முடிய வேண்டியது வெள்ளிக்கிழமை 20-இல் முடிந்தால் NETWORKDAYS 3 என்று சொல்லும், தாமதமோ 2 நாள். ஒன்றைக் கழிக்கலாம்தான், ஆனால் முன்கூட்டியே முடிந்த வேலையில் அது கவிழ்த்துவிடும். 18-க்குப் பதில் 16-இலேயே முடிந்தால் விடை -3, அதிலும் ஒன்றைக் கழித்தால் -4. உண்மையில் இரண்டு நாள்தான் முந்தியிருக்கிறோம். உண்மையில் முடிந்த தேதி F-இல் இருந்தால் இரண்டுக்கும் பொதுவாக இப்படி எழுதுங்கள்:

```
=NETWORKDAYS(D2,F2,$H$2:$H$20)-SIGN(NETWORKDAYS(D2,F2,$H$2:$H$20))
```

எல்லாக் காத்திருப்பும் வேலை நாளில் ஓடுவதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் இறுகுவது ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கும். 18-ஆம் தேதி ஊற்றி முழுசாக 10 நாள் விட வேண்டுமென்றால் அது நாட்காட்டி நாள், 28-ஆம் தேதியோடு முடிகிறது. அன்று சனிக்கிழமை. அடுத்த வேலை திங்கள் 30-இல் தொடங்கும்:

```
=WORKDAY(D2+10, 1, $H$2:$H$20)
```

இதையே 10 வேலை நாள் என்று போட்டிருந்தால், இடையில் வேறு விடுமுறை இல்லாவிட்டாலும், காத்திருப்பு ஏப்ரல் 1 வரை நீண்டு அடுத்த வேலை 2-ஆம் தேதிக்குப் போயிருக்கும்.